தொண்ணூற்றேழு முகம், இருபத்திரண்டு ஜன்னல்

2025 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சிநேகாவின் பஸ்ஸில் தொண்ணூற்றேழு முகங்கள் இருந்தன. அதில் மாதப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். மற்றவர்கள் எப்போதோ இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய முகம் மட்டும் இறங்கவில்லை. இறங்காது என்று வாக்குக் கொடுத்திருந்தவர் சிநேகாதான்.

அந்த பஸ் ஓடுவது போன் திரையில். 'ஆறேகால் வண்டி' என்பது சிநேகா வரையும் சித்திரக்கதையின் பெயர். ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டு கட்டம். கேளம்பாக்கத்தில் காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, மாம்பாக்கம், கண்டிகை வழியாக மறைமலைநகர் போகும் ஒரு கம்பெனி பஸ், அதில் வேலைக்குப் போகும் பெண்கள், அவர்களுடைய சண்டை, சிரிப்பு, தூக்கம். கடைசிக் கட்டம் எப்போதும் ஒன்றுதான்: பஸ்ஸின் பக்கவாட்டுத் தோற்றம். ஜன்னல்களில் முகங்கள். அந்த வாரக் கதையைக் கேட்ட முகபாவத்தோடு ஒவ்வொன்றும்.

சிநேகாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஒன்பது வருடம் அந்த பஸ்ஸில் போனவர். காருக்கு வயரிங் கட்டுகிற கம்பெனி ஒன்றில் தர சோதனைப் பிரிவு. வரையக் கற்றதும் பஸ்ஸில்தான், போனில், விரலால். வண்டி குலுங்கும்போது கோடு வளைவதால், எதிர் சீட் பிரபாவின் மூக்கு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் போகும். அதைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது. அப்படித்தான் தொடங்கியது.

கதையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். விரும்பியவர்கள் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரிக்கலாம். அதற்கென்று இருக்கும் ஒரு தளத்தில் சிநேகா மூன்று படிகள் வைத்தார். ஐம்பது ரூபாய் கொடுப்பவர் 'நிற்கிறவர்': சனிக்கிழமைக் கதை அவருக்கு வெள்ளிக்கிழமையே கிடைக்கும். நூற்றைம்பது கொடுப்பவருக்கு 'சீட்': பென்சில் வரைவுகளும், கதை எப்படி வந்தது என்று சிநேகா பேசி அனுப்பும் ஒலிப்பதிவும். ஐந்நூறு கொடுத்தால் 'ஜன்னல் சீட்': கடைசிக் கட்டத்தில் ஜன்னலில் உங்கள் முகம், மாதம் ஒருமுறை கையால் தீட்டிய அட்டை ஒன்று தபாலில்.

அதன் கீழே ஒரு வரி எழுதினார்: "ஜன்னல் சீட் ஒரு தடவை எடுத்தால் அது எப்போதும் உங்களுடையது."

அந்த வரி கம்பெனி பஸ்ஸிலிருந்து வந்தது. ஏறும் நிறுத்தத்தை வைத்து ஒவ்வொருத்திக்கும் ஒரு சீட் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. பிரசவத்துக்குப் போனவளின் சீட்டும் அவளுடையதுதான். ஆறு மாதம் கழித்துக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஏறினால், நேராக அந்த சீட்டுக்குப் போவாள். சிநேகா அதை அப்படியே எடுத்துத் தன் தளத்தில் வைத்துவிட்டார். அந்தப் படிக்கு எத்தனை பேர் சேரலாம் என்று வரம்பு போடும் வசதி தளத்தில் இருந்தது. முதல் மாதம் சேர்ந்தது மூன்றே பேர். மூன்று பேருக்கு எதற்கு வரம்பு என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

இரண்டு வருடத்தில் ஒரே ஒரு கதை ஊரெல்லாம் சுற்றியது. மழையில் நின்ற பஸ்ஸை முப்பது பெண்கள் இறங்கித் தள்ளிய கதை. ஒரு வாரத்தில் ஜன்னல் சீட்டுக்கு முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். அந்த மாத வருமானம் சம்பளத்தைத் தாண்டியது. அடுத்த பிப்ரவரியில் சிநேகா வேலையை விட்டார். கணவர் ஆல்வின் வாடகைக் கார் ஓட்டுகிறவர். விமான நிலையத்திலிருந்து மாமல்லபுரம் விடுதிகளுக்கு ஆட்களைக் கொண்டுவிடுவார். அவர் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஓட்டுற வண்டியில நாலு சீட்டு. நீ ஓட்டுறதுல கணக்கே இல்ல. நீ ஓட்டு."

கணக்கு இல்லாததுதான் தொல்லை. பலர் ஒரு மாதம் பணம் கட்டினார்கள், முகம் வந்தது, நண்பர்களுக்கு அனுப்பினார்கள், நிறுத்திவிட்டார்கள். தப்பென்று சொல்ல முடியாது. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், எடுப்பதற்கு முந்தின நாள் போனில் ஒரு அறிவிப்பு வரும்: நாளை இவ்வளவு எடுக்கப்படும். அதைப் பார்த்ததும் பலருக்கு நிறுத்தத் தோன்றும். மாதக் கடைசி நாளுக்கு சிநேகா வைத்த பெயர் 'எறங்குற நாள்'. காலையிலிருந்து போன் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும், இன்னார் விலகினார், இன்னார் விலகினார் என்று. விலகிய ஒவ்வொருவரின் முகத்தையும் அடுத்த சனிக்கிழமை அவர் வரைந்தார்.

பஸ் நீண்டது. முதலில் இரண்டு பெட்டி இணைத்த பஸ்ஸாக வரைந்தார். அப்புறம் மூன்று. வாசகர்கள் அதை ரயில் என்று கிண்டல் செய்தார்கள். எட்டு கட்டக் கதையில் ஏழு கட்டத்துக்கு ஆகும் நேரத்தைவிடக் கடைசிக் கட்டத்துக்கு அதிகம் ஆயிற்று. மீதி நாட்களில் அட்டைகள். வலது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வரைந்தார். தட்டில் சோற்றைப் பிசைய இடது கையைக் கொண்டுபோய், ஆல்வின் பார்ப்பதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார்.

"பழைய மூஞ்சியையே எடுத்து ஒட்டேன்" என்றார் ஆல்வின். "கம்ப்யூட்டர்ல தான வரையுற."

ஜூன் மாதம் ஒருமுறை ஒட்டினார். முந்தின வாரம் நகைச்சுவைக் கதை, முகங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. இந்த வாரக் கதை, பிரஸ் மெஷினில் விரல் போன ஒரு பெண்ணைப் பற்றியது. தொண்ணூறு முகங்கள் அதைக் கேட்டுச் சிரித்தன. வெளியிட்ட சற்று நேரத்தில் படூரிலிருந்து ஒருவர் எழுதினார்: "மேடம், என் முகம் ஏன் சிரிக்கிறது?"

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி வரைந்தார். அந்த வாரம் அட்டை எதுவும் வரையவில்லை. ஜூலை அட்டைகள் போகவில்லை. ஆகஸ்ட் அட்டைகளும் போகவில்லை. ஆனால் இரண்டு மாதமும் முதல் தேதி பணம் எடுக்கப்பட்டது. தளத்தின் பங்கும் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி வங்கிக்கு வந்தது, வாடகைக்குப் போனது. "அட்டை எப்போது வரும்?" என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் போட்டார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். செப்டம்பர் ஒன்றாம் தேதி மூன்றாவது முறை பணம் எடுக்கப்படும். அதற்குமுன் எதையாவது செய்ய வேண்டும். இல்லையென்றால் கதையை நிறுத்திவிட்டு, வேலைக்கு எடுப்பார்களா என்று கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

விநாயகர் சதுர்த்தி அன்று கம்பெனிக்கு விடுமுறை. பிரபா கொழுக்கட்டை தூக்கோடு வந்தார். கதையில் வரும் கோணல் மூக்குக்காரி இவர்தான். ஒன்பது வருடம் எதிர் சீட். மாதம் ஐம்பது ரூபாய் கட்டும் 'நிற்கிறவர்'.

"இன்னாடி, மூஞ்சி வத்தி கெடக்குது?" என்றார் உள்ளே வந்ததும். "ஆல்வினு சோறு போடுறது இல்லியா?"

"நானே பொங்கி நானே துன்றேன். குந்து."

"எங்க குந்தறது? நாற்காலி பூரா அட்டை."

பாதி வரைந்த அட்டைகளை சிநேகா எடுத்துத் தரையில் வைத்தார். கதை ஏன் இப்போதெல்லாம் நடுராத்திரி தாண்டி வருகிறது, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் தருவதில்லை என்று பிரபா கேட்டார். "அம்பது ரூபா ஓசியில வரல எனக்கு. ஓவர்டைம் காசு." அது பாதி விளையாட்டுத்தான்.

சிநேகா வேறு பேச்சுக்குப் போனார். பஸ் எப்படி இருக்கிறது, யார் யார் வருகிறார்கள்.

"ஒன் சீட்டுல அந்த ஒடியா பொண்ணு குந்திகினு வருது" என்றார் பிரபா, கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டே. "பின்னாலேர்ந்து மூணாவது வரிசை ஜன்னல். நல்ல பொண்ணு. தூங்கினா வாயத் தொறந்துக்கும்."

சிநேகா கையிலிருந்த கொழுக்கட்டையைக் கீழே வைத்தார். "என் சீட்டுலயா?"

"பின்ன? காலியாவா ஓட்டினு போவாங்க? டீசல் இன்னா உங்கப்பன் ஊத்துறாரா?"

"என் சீட்டு என் சீட்டுதான்னு சொன்னீங்களேடி எல்லாரும்."

"ஒன் சீட்டுதான். யாரு இல்லன்னா? நீ நாளைக்கே வந்து ஏறினா அது எழுந்துரும். நான் சொல்லிக் குடுத்து வெச்சிக்கிறேன்." பிரபா விரலை நக்கிக்கொண்டார். "அதுவும் எல்லா வாரமும் இல்ல. அது ஏ ஷிப்ட்டு. பி ஷிப்ட்டு வாரத்துல அந்த சீட்டு மாம்பாக்கம் பக்கம் ஒருத்தி கீறா, அவளுது. ஒரு சீட்டுக்கு எப்பவும் ரெண்டு மூணு பேரு உண்டுடி. நீ இன்னாத்த கண்டே, ஜன்னல பாத்துகினு படம் போட்டுகினு இருந்த."

சிநேகாவுக்கு முதலில் வந்தது கோபம்தான், தன் சீட்டில் யாரோ வாயைத் திறந்து தூங்குகிறாள் என்பதில். அது அடங்கியதும் மேசைக்குப் போய்க் கடைசிக் கட்டத்தைத் திறந்து பார்த்தார். மூன்று பெட்டி. தொண்ணூற்றேழு முகம். ஒன்பது வருடம் போன பஸ்ஸின் வழக்கத்தை அவர் பாதிதான் எடுத்துவந்திருந்தார். சீட் உன்னுடையது என்ற பாதியை. நீ வரும்வரை வேறொருத்தி உட்காருவாள் என்ற மீதி விட்டுப்போயிருந்தது.

பிரபா போனபிறகு அவர் வரைந்தது ஒரு சாதாரண பஸ். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு ஜன்னல், கட்டத்தில் இரு பக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாக. பணம் கட்டுகிற நாற்பத்தொரு பேரை ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று பிரித்தால் ஒருவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முகம் வரும். மொத்தம் நாற்பத்துநான்கு இடம். அதுதான் வரம்பு. விலகியவர்களின் சீட்டில் அடுத்தவர் உட்காரலாம். அவர்கள் திரும்பி வந்தால், முதலில் காலியாகும் இடம் அவர்களுக்கு. அட்டை மாதத்துக்கு ஒன்றல்ல, மூன்று மாதத்துக்கு ஒன்று.

எல்லாம் சரி, ஒரு முகத்தைத் தவிர.

அது கம்பெனியில் வேலை பார்த்த சந்திரம்மாவின் முகம். அவருடைய கணவர் ஜெகதீசன், அதே கம்பெனிக்கு ஒப்பந்த பஸ் ஓட்டியவர். மனைவி இறந்த ஆறாவது மாதம் சிநேகாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: போட்டோ அனுப்புகிறேன், எப்போதும் இருக்கும் என்று போட்டிருக்கிறாயே, அதனால் கேட்கிறேன். ஒரு மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டினார். அடுத்த மாதம் கணக்கில் பணம் இல்லாமல் பரிமாற்றம் தோற்றது, மறுமுயற்சியும் தோற்றது, தளம் அவரை நீக்கிவிட்டது. மற்ற ஐம்பத்தைந்து பேரிடம் எழுதிச் சொன்னால் போதும். இவரிடம் நேரில் போகாமல் முடியாது என்று சிநேகா நினைத்தார்.

ஜெகதீசன் இப்போது படூரில் ஒரு கல்லூரி பஸ் ஓட்டுகிறார். பகலில் வண்டிகள் கல்லூரி மைதானத்து ஓரம் வரிசையாக நிற்கும். ஆல்வின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கடைசி சீட்டில் துண்டு விரித்துப் படுத்திருந்த ஜெகதீசன் எழுந்து உட்கார்ந்தார்.

"வா மா. இன்னா இந்தப் பக்கம்? படம் போடுறத வுட்டுட்டியா?"

"இல்லண்ணா. ஒரு விசயம் கேக்கணும்."

முழுவதையும் சொன்னார். அட்டை போகாத இரண்டு மாதம், பணம் மட்டும் வந்தது, கை, நீண்டுபோன பஸ். எப்போதும் என்று எழுதியது தன் தப்பு என்றார். அக்காவின் முகத்தை ஜன்னலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்ல வரும்போது வார்த்தை முன்னே பின்னே ஆகிவிட்டது.

ஜெகதீசன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போ மா" என்றார். "அவளுக்கு ஜன்னல் காத்தே ஆவாது. காது வலிக்கும்."

"அப்ப ஏண்ணா ஜன்னல் சீட்டு எடுத்தீங்க?"

"ஜன்னல்ல குந்தினாதான மூஞ்சி போடுவேன்னு எழுதிக்கிற. வேற எங்க போடுறது?" அவர் எழுந்து முன்பக்கம் நடந்தார், சிநேகா பின்னால் போனார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியைத் தட்டிக் காட்டினார். "இங்கதான் குந்தும். பானெட்டு மேல. சூடு தாங்காம துண்ட நாலா மடிச்சி போட்டுகினு. அதுல ஏறி குந்தாதன்னு சூப்பர்வைசர் கத்துவாரு. கேக்காது. கேளம்பாக்கத்துலேர்ந்து எறங்குற வரைக்கும் வாயி ஓயாது."

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் பின்னாடி இருப்பேன்."

"தெரியுதே. ரெண்டு வருசமா பாக்குறேன், நீ போடுற வண்டிக்கு டிரைவரே கெடையாது. எப்டி ஓடுது அது?"

சிநேகா யோசித்துப் பார்த்தார். உண்மைதான். பஸ்ஸின் முன்பக்கம் எப்போதும் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

"பணம் நான் கட்டல மா" என்றார் ஜெகதீசன். "கட்டாத ஆளு கேக்கக் கூடாது. நீ எடுத்துடு."

சிநேகா பானெட்டின் உயரத்தையும், ஸ்டியரிங்கிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தளத்தில் முதலில் செய்தது, செப்டம்பர் மாதத்துக்குப் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தது. ஒரே பொத்தான். அதை அழுத்தினால் மூன்று படியிலும் யாரிடமும் அந்த மாதம் பணம் எடுக்கப்படாது, ஆனால் உறுப்பினராகவே இருப்பார்கள். முந்தின நாள் அறிவிப்பு போவதற்குமுன் அழுத்த வேண்டும், பிறகு அழுத்திப் பயனில்லை. ஒரு மாத வருமானம் முழுசாகப் போகும் என்று ஆல்வினிடம் சொன்னார்.

"எனக்கு ரெண்டு ஏர்ப்போர்ட் டிரிப் கூட அடிச்சா வாடகை ஆச்சி" என்றார் ஆல்வின். "சோறு?"

"கம்பெனிய வுட்டப்ப வந்த காசு கொஞ்சம் கீது."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

பிறகு ஜன்னல் சீட்காரர்களுக்கு எழுதினார். நான்கு முறை எழுதி அழித்தார். உடம்பு சரியில்லை, எதிர்பாராத சூழல் என்று தொடங்கியதையெல்லாம் எடுத்துவிட்டார். கடைசியில் நின்றது இது:

"ஜூலை, ஆகஸ்ட் அட்டை நான் வரையவில்லை. தபாலில் தொலையவில்லை. செப்டம்பரில் யாரிடமும் பணம் எடுக்க மாட்டேன், அந்த மாதம் முழுக்க நிலுவை அட்டைகளைத்தான் வரைவேன். அட்டை வேண்டாம், பணம் போதும் என்பவர்கள் சொல்லுங்கள், இரண்டு மாதத்துக்கும் முழுதாகத் திருப்பித் தருகிறேன். இனிமேல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முகம், அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு அட்டை. இதற்கு ஐந்நூறு அதிகம் என்று தோன்றினால் நூற்றைம்பது படிக்கு மாறிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை."

கடைசி வாக்கியம் உண்மையில்லை என்று பட்டதால் அனுப்புவதற்குமுன் அதை எடுத்தார்.

விலகிப்போன ஐம்பத்தைந்து பேருக்குத் தனியாக எழுதினார். எப்போதும் என்று சொன்னது என்னால் ஆகாத வாக்கு, இந்த வாரத்தோடு ஜன்னல் மாறுகிறது, திரும்பி வந்தால் முதல் இடம் உங்களுக்கு. பாதிப் பேர் அதைத் திறக்கவேயில்லை. ஒருவர், யார் நீங்கள் என்று கேட்டார்.

பணம் கட்டுகிறவர்களில் ஒன்பது பேர் விலகினார்கள். பதினொரு பேர் கீழ்ப்படிக்கு மாறினார்கள். ஆறு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சிநேகா அன்றே திருப்பினார். தளத்தின் பங்கு திரும்பாது, அதைக் கையிலிருந்து போட்டார். படூர்க்காரர், முகம் ஏன் சிரிக்கிறது என்று கேட்டவர், கோபமாக எழுதினார்: "இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம்." சொல்லியிருக்கலாம்தான். அந்தக் கடிதத்துக்கு சிநேகா ஒரே வரியில் அதையே பதிலாகப் போட்டார். அவர் விலகவில்லை. பி ஷிப்ட் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பிரபாவிடமிருந்து போன் வந்தது. கதை ஒரு நாள் முன்னாடியே அவருக்குப் போயிருந்தது, சொன்னபடி. "மூக்கு நேரா போட்டுக்கிறியே, நானா அது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஜன்னலில் மீந்திருப்பவர்கள் இருபத்தொரு பேர். சிநேகா வருமானத்தைக் கூட்டிப் பார்த்தார். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சரியாக இருக்கும், மற்றதற்கு இல்லை. காலை ஷிப்ட் மட்டும் என்று ஒரு தையல் யூனிட்டில் ஆள் எடுக்கிறார்கள், கண்டிகைப் பக்கம். அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறார். மணிக்கட்டுப் பட்டை அப்படியே இருக்கிறது.

நிலுவை அட்டைகளின் முதல் கட்டு திங்கட்கிழமை கேளம்பாக்கம் தபால் நிலையத்திலிருந்து போகிறது. செப்டம்பர் 6 சனிக்கிழமை ஏ ஷிப்ட் வண்டி வரும். அதற்கு ஒரு டிரைவர் இருப்பார். பக்கத்தில் பானெட் மேல், நாலாக மடித்த துண்டில், சந்திரம்மா உட்கார்ந்திருப்பார்.